மில் பாய்லருக்கு மெக்னீசியா கல்லா?

கேள்வி: "எங்கள் செம்பனை ஆலையின் பாய்லர் சூளையில் ஃபயர் பிரிக் அடிக்கடி உதிர்கிறது. 2,800 டிகிரி தாங்கும் மெக்னீசியா கல் போடச் சொல்கிறார் விற்பனையாளர். அலுமினா, மெக்னீசியா, சிலிக்கா, இதில் எது நிற்கும்?"

மெக்னீசியா வேண்டாம். காசு கொடுத்து வம்பை வாங்கிய மாதிரி ஆகிவிடும். பீடோர் பக்கம் ஒரு ஆலையில் பாய்லரோடு காலம் தள்ளியவன் என்பதால் இதைப் பார்த்ததும் சும்மா போக முடியவில்லை.

2,800 டிகிரி என்பது சுத்தமான மெக்னீசியா உருகும் சூடு. நாரும் ஓடும் எரிக்கிற உங்கள் சூளை ஆயிரம் டிகிரியை ஒட்டித்தான் ஓடும். அந்தச் சூட்டில் எந்தக் கல்லும் உருகி விழாது. வாரக் கடைசியில் ஆறி, மறுபடி அவசரமாகச் சூடேறி வெடிக்கிறது; இல்லையென்றால் சாம்பல் தின்று உரிகிறது. ஆகவே எவ்வளவு சூடு தாங்கும் என்று விற்பனையாளரிடம் கேட்பதில் பயனில்லை. எத்தனை தடவை ஆறிச் சூடேறினால் தாங்கும், உங்கள் சாம்பலுக்குத் தாங்குமா என்று கேளுங்கள்.

மெக்னீசியா இரண்டிலும் தோற்கும். 230 மில்லிமீட்டர் நீளக் கல் ஆயிரம் டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளும். சாதாரண ஃபயர் பிரிக் அதில் பாதிகூட நீளாது. வாராவாரம் நீண்டு சுருங்கினால் முகம் வெடித்துத் தகடு தகடாக விழும். அதைவிடப் பெரிய பகை தண்ணீர். மெக்னீசியா நீராவியைக் குடித்து வேறு பொருளாக மாறும்போது இரண்டு மடங்குக்கு மேல் பருத்துவிடும்; கல் உள்ளிருந்தே பொடியும். நம் ஊர் மழையில் ஸ்டோரில் ஒழுகும் கூரைக்குக் கீழே அடுக்கி வைத்தாலே ஆபத்து. பாய்லரிலோ டியூப் ஒழுகும், கிளிங்கரை ஆற்ற ஆட்கள் தண்ணீர் அடிப்பார்கள். போதாததற்கு, நம் சாம்பலில் சிலிக்கா அதிகம். மெக்னீசியாவுக்கு அது ஒத்துவராது.

எஃகு ஆலைத் தம்பிகள் சண்டைக்கு வர வேண்டாம். சுண்ணாம்பு மிகுந்த கசடு ஓடுகிற எஃகு உலையில் மெக்னீசியாதான் ராஜா, ஒப்புக்கொள்கிறேன். நான் பேசுவது மில் பாய்லரை மட்டும்.

சிலிக்கா கல்லை இரண்டு வரியில் முடித்துவிடலாம். அது 600 டிகிரிக்கு மேலேயே இருந்தால் அருமையான கல். வருஷக்கணக்கில் அணையாத கண்ணாடி உலைக் கூரைக்கும் கோக் அடுப்புக்கும் அதைப் போடுவார்கள். 300 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதன் படிக அமைப்பு சடாரென்று மாறி விரிசல் விடும். வாரம் ஒருமுறை அணைக்கிற சூளைக்கு அது எதற்கு?

மிச்சம் அலுமினா. இங்கேதான் எல்லாரும் இடறுவார்கள். அலுமினா சதவீதம் கூடினால் கல் உயர்ந்தது என்று ஆபீஸில் ஒரு நம்பிக்கை. எங்கள் ஆலையில் பழைய 42 சதவீதக் கல்லை எடுத்துவிட்டு 80 சதவீத பாக்சைட் கல்லை வாங்கி வந்தார்கள். விலை இரண்டு மடங்குக்கு மேல். வெறும் குலையையும் எரிக்க ஆரம்பித்த நேரம் அது. குலைச் சாம்பலில் பொட்டாஷ் கொட்டிக் கிடக்கும் என்று எரித்துப் பார்த்த எல்லாருக்கும் தெரியும். அடுத்த பெரிய ஷட் டவுனில் உள்ளே போய்ப் பார்த்தால், கிரேட்டுக்கு மேல் இடுப்பு உயரம் வரை சுவரின் முகம் விரல் தடிமனுக்கு உரிந்து தொங்குகிறது.

காண்டிராக்டர், "சூடு ஏற்றினது சரியில்லை" என்று பழியை பாய்லர்மேன்கள் மேல் போட்டார். விழுந்த கல்லைச் சுத்தியலால் உடைத்துக் காட்டினேன். சூட்டு அதிர்ச்சியில் வெடித்த கல்லாக இருந்தால் உடைந்த முகம் சுத்தமாக, உள்ளே எங்கும் ஒரே நிறமாக இருக்கும். இதில் வரி வரியாக நிறம் மாறியிருந்தது: முகத்தில் பச்சை கலந்த கண்ணாடிப் பூச்சு, அதற்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் நொறுங்கும் பட்டை, அதற்கும் பின்னால்தான் பழைய மஞ்சள் கல். பொட்டாஷ் ஆவி துளைகள் வழியாக உள்ளே போய் அலுமினாவோடு சேர்ந்து பருத்து, முன்பக்கத்தை நெம்பித் தள்ளியிருக்கிறது. மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. கல் வெடிக்காமல் குழிந்து வழவழப்பாகி, இணைப்புச் சாந்து முதலில் கரைந்து போயிருந்தால் அது கசடு தின்றது.

அப்புறம் ஒரு சோதனை செய்தோம். ஆய்வுக்கூடத்துக்காரர்கள் செய்வதுதான், நம் வசதிக்குச் சுருக்கினோம். ஒவ்வொரு வகைக் கல்லிலும் ஒரு குழி துளைத்து, எங்கள் பாய்லர் சாம்பலையே நிரப்பி, மேலே கல் துண்டு வைத்து மூடி, நெருப்புக் கதவுக்குப் பக்கத்தில் உள்ளே வைத்துவிட்டோம். அடுத்த ஷட் டவுனில் எடுத்து நடுவாக அறுத்தோம். 80 சதவீதக் கல்லில் சாம்பல் ஊறி இறங்கி, குழியைச் சுற்றி விரிசல் ஓடியிருந்தது. துளை குறைந்த, அடர்த்தியான 40 சதவீதத்துக் களிமண் கல்லில் மேலே கண்ணாடிப் பூச்சாக நின்றுவிட்டது. அந்தக் கல்லில் உள்ள சிலிக்கா பொட்டாஷோடு சேர்ந்து பிசுபிசுவென்று ஒரு தோல் கட்டி, வாசலை அடைத்துவிடுகிறது.

அதற்கும் எல்லை உண்டு. சூடு 1,200ஐத் தாண்டினால் அந்தத் தோல் வழிந்து ஓடும். காற்று நேராக அடித்துச் சூடு குவிகிற இடம் இருந்தால் அங்கே மட்டும் ஆண்டலூசைட் கலந்த 60 சதவீதக் கல் போடுங்கள். அது ஆறிச் சூடேறுவதையும் நன்றாகத் தாங்கும். கிளிங்கர் ஒட்டுகிற கிரேட் ஓரத்தில் சிலிக்கான் கார்பைடு கல் வைத்தால் கசடு அவ்வளவாகப் பிடிக்காது, ஆனால் நீராவி பட்டுப் பட்டு அதுவும் மெதுவாகக் கெடும். முழுச் சுவருக்கும் அதைப் போடச் சொல்பவர் கமிஷனுக்காகச் சொல்கிறார்.

நல்ல கல் வாங்கியும் அவசரப்பட்டால் பயனில்லை. புதுச் சுவர் என்றால் 120 டிகிரியை ஒட்டிப் பல மணி நேரம் நிறுத்தி ஈரத்தை வெளியேற்றிவிட்டு, அதன் பிறகு மணிக்கு 50 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். சொல்வது சுலபம், தெரியும். ராம்ப்பில் குலை லோரிகள் வரிசை கட்டி நிற்கும், பழம் அழுகி எண்ணெயில் அமிலம் ஏறும், ஸ்டீம் எங்கே என்று மேலிருந்து போன் மேல் போன் வரும். பிறகு சுவர் விழுந்தால் பாய்லர்மேனுக்குத்தான் எச்சரிக்கைக் கடிதம்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. கழற்றிய பழைய கல்லில் பின்வரிசை எல்லாம் நல்ல கல். மாரியம்மன் கோயில் அன்னதான அடுப்புக்குக் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டோம். கேட் பாஸ், மேனேஜர் கையெழுத்து, தலைமை ஆபீஸ் அனுமதி என்று அலைய விட்டார்கள். கடைசியில் அத்தனையும் லோரி ஏறிக் குப்பைமேட்டுக்குப் போனது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் ஆறவில்லை.

சரி. விற்பனையாளரிடம் மூன்று எண்களை எழுத்தில் வாங்குங்கள்: துளை சதவீதம், இரும்பு ஆக்சைடு சதவீதம், 950 டிகிரியில் சூடாக்கித் தண்ணீரில் முக்கும் சோதனையில் எத்தனை சுற்று தாங்கியது என்பது. தர மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். குலையும் எரிக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. அதையும் எழுதி, விழுந்த கல்லை உடைத்த முகத்தைப் படம் எடுத்துப் போட்டால், மூன்றில் எது என்று பார்த்துச் சொல்கிறேன்.