கலோரி ஒரே அளவெண்டால், தேங்காய் எண்ணெய், கச்சான் எண்ணெய், நல்லெண்ணெய் எதைப் பாவித்தால் உடம்புக் கொழுப்புக் கூடக் குறையும்?

பெரிதாக வித்தியாசம் இல்லை. மூன்றிலும் கிராமுக்கு ஏறக்குறைய 9 கலோரிதான்.

தேங்காய் எண்ணெய் கொழுப்பை எரிக்கும் என்ற கதையை நானும் நம்பினேன். எங்கள் வீட்டில் அம்மா தோசைக்கும் பொரிக்கவும் நல்லெண்ணெய்தான் எடுப்பார். போன வருடம் நான் பிடிவாதம் பிடித்துத் தேங்காய் எண்ணெய்க்கு மாற்றினேன். இரண்டு மாதத்தில் எடை ஒரு கிலோ கூடியது. நல்லதுதானே என்று தாராளமாக ஊற்றியதன் பலன்!

அந்தக் கதை முழுப் பொய் இல்லை. 2008இல் வந்த ஒரு ஆய்வில், எடை குறைக்கும் சாப்பாட்டோடு சிலருக்கு ஒலிவ் எண்ணெயும் சிலருக்கு எம்சிடி எண்ணெயும் கொடுத்தார்கள். நாளுக்கு 18 முதல் 24 கிராம் வரை, 16 கிழமை. எம்சிடி எடுத்தவர்களுக்குச் சுமார் 1.7 கிலோ கூடுதலாகக் குறைந்தது. ஆனால் எம்சிடி என்பது 8, 10 காபன் உள்ள கொழுப்பமிலங்களை மட்டும் பிரித்தெடுத்த எண்ணெய். அவை குடலில் இருந்து நேரே ஈரலுக்குப் போய் விரைவில் எரிகின்றன. நம் தேங்காய் எண்ணெயில் அவை 100 கிராமுக்குச் சுமார் 13 கிராம்தான். கிட்டத்தட்டப் பாதி, 12 காபன் உள்ள லோரிக் அமிலம். அது பெரும்பாலும் மற்ற எண்ணெய்களின் கொழுப்பைப் போலவே நிணநீர் வழியாகத்தான் உடம்புக்குள் போகிறது. அந்த 18 கிராமைத் தேங்காய் எண்ணெயில் எடுக்க 140 கிராம் குடிக்க வேண்டும். அது மட்டுமே 1,200 கலோரிக்கு மேல்.

அப்புறம் ஒரு நாள், கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு வைக்கும்போது, காயைப் போட முன் தாச்சியை எண்ணெயோடு தராசில் வைத்தேன். பொரித்து எடுத்த பிறகு மறுபடி வைத்தேன். (காயின் தண்ணீர் ஆவியாகிவிடும், ஆகவே குறைந்தது எண்ணெய்தான்.) 70 கிராம் குறைந்திருந்தது. கடதாசியில் ஒட்டியதை 10 கிராம் என்று கழித்தாலும், 60 கிராம் குழம்புக்குள் போயிருக்கிறது. 540 கலோரி! நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 135, தேங்காய்ப்பால் கணக்கில் சேராமலே. எந்த எண்ணெயில் பொரித்திருந்தாலும் கணக்கு அதேதான். இப்போது துண்டுகளில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயைப் பிரட்டி, மூடி வதக்குகிறோம். அது ஏறக்குறைய 240 கலோரி. அம்மாவுக்கு ருசி கொஞ்சம் குறைவு என்ற மனக்குறை உண்டு, அதுவும் உண்மைதான்.

எண்ணெய் வகை முக்கியமாவது வேறு இடத்தில். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு பத்தில் எட்டுப் பங்குக்கு மேல். அது கச்சான் எண்ணெய், நல்லெண்ணெயை விட எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டும். வீட்டில் யாருக்காவது எல்டிஎல் கூடவென்றால், தினப் பாவிப்புக்கு அந்த இரண்டில் ஒன்றை எடுங்கள். எனக்குத் தோசைக்கு நல்லெண்ணெய் வாசம் பிடிக்கும், அதனால் அம்மாவின் போத்தலுக்கே திரும்பிவிட்டேன். இப்போது ஊற்றுவது தேக்கரண்டியால்.