அஞ்சு நாளில் ஒன்பது எப்படி வந்தது?

*ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். வெயில், மழை, மேகம், காற்று என நான்கு படங்களோடு வானிலை அட்டவணை மாட்டியிருக்கிறேன். தினமும் எந்தப் படம் ஒட்டுவது என்று பிள்ளைகளுக்குள் சண்டை. சரி, இரண்டு படம்கூட ஒட்டலாம் என்றேன். வெள்ளிக்கிழமை எண்ணும்போது ஒரு பையன், “அஞ்சு நாளுதானுங்க டீச்சர், ஒம்பது எப்படி வந்துச்சு?” என்கிறான். வாரச் சுருக்கத்தை எப்படிச் செய்வது?*
*— ஓர் ஆசிரியை, உடுமலைப்பேட்டை பக்கம்*

உங்கள் மாணவன் கண்டுபிடித்த குறை அட்டவணையில்தான் இருக்கிறது. வெயில், மேகம், மழை மூன்றும் வானத்தைப் பற்றியவை. ஒரு நேரத்தில் அவற்றில் ஒன்றைத் தேர்ந்துவிடலாம். காற்று அப்படியல்ல. வெயிலிலும் அடிக்கும், மோடம் போட்டிருக்கும்போதும் அடிக்கும். உங்கள் ஊரில் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எந்த வானத்துக்கும் காத்திருப்பதில்லை. ஆகவே அட்டவணையை இரண்டு வரிசையாகப் பிரியுங்கள். மேல் வரிசை வானத்துக்கு, கட்டாயம் ஒரே படம். கீழ் வரிசை காற்றுக்கு: இருந்தால் படம், இல்லாவிட்டால் வெறும் கட்டம்.

சண்டைக்கு இன்னொரு காரணம், ஒருவன் காலையில் பார்த்ததைச் சொல்வான், இன்னொருத்தி இப்போது பார்ப்பதைச் சொல்வாள். காலை இடைவேளை முடிந்ததும், மைதானத்தில் ஒரே இடத்தில் நின்று பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணாந்து சூரியனைப் பார்க்க விடாதீர்கள். தரையைப் பார்க்கச் சொல்லுங்கள். தன் நிழல் தெளிவாக விழுந்தால் வெயில். நிழல் இல்லை, அல்லது மங்கல் என்றால் மேகம். நீட்டிய கையில் துளி விழுந்தால் மழை. நண்பகலுக்கு நெருங்கினால் நிழல் காலடியில் சுருங்கிவிடும், பத்தரை மணி வாக்கில் நன்றாகத் தெரியும்.

காற்றுக்கு ஒரு குச்சியில் முழ நீளத் துணி ரிப்பன் கட்டி, சுவரை விட்டுத் தள்ளி நட்டு வையுங்கள். சுவரோரம் நட்டால் காற்றே இல்லாததுபோல் தொங்கும். ரிப்பன் விடாமல் நீண்டு படபடத்தால் காற்று. எப்போதாவது அசைந்தால் கணக்கில்லை. மெல்லிய கொடி நீண்டு பறந்தால், இலைகளும் சிறு கிளைகளும் ஓயாமல் ஆடினால், மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர் வேகம் என்பது கருவி இல்லாமல் காற்றை மதிப்பிடும் பியூஃபோர்ட் அளவுகோலின் கணக்கு. பிள்ளைகளுக்கு அந்த எண் வேண்டாம், உங்களுக்கு மட்டும்.

“ராத்திரி எங்க தோட்டத்துல மழைங்க” என்று ஒரு குழந்தை நிச்சயம் சொல்லும். பொய்யில்லை, ஆனால் நாம் பார்த்த நேரத்து மழையும் இல்லை. கட்டத்தின் மூலையில் ஒரு சின்னத் துளி வரையவிட்டு, எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். வானிலைத் துறையும் இப்படி விதி வைத்துத்தான் எண்ணுகிறது: காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை 2.5 மில்லிமீட்டராவது பெய்தால்தான் அதை மழைநாள் என்பார்கள்.

‘சூடு’ என்ற சொல்லை இப்போது தவிர்க்கலாம். மோடமாக இருந்தும் புழுங்குகிற நாளில் அது குழப்பும். ‘வெயில்’ போதும்.

இனி வெள்ளிக்கிழமை. திங்கள், செவ்வாய் மேகம், புதன் மழை, வியாழன் வெயில், வெள்ளி மறுபடி மேகம். வெள்ளி தவிர நான்கு நாளும் ரிப்பன் பறந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு ஒரு காலித் தீப்பெட்டி என அடுக்கச் சொல்லுங்கள்: மேகத்துக்கு மூன்று, மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று. மூன்று அடுக்கையும் சேர்த்து எண்ணினால் ஐந்து வரும், வந்தே ஆகவேண்டும். காற்றின் நான்கு பெட்டிகள் தள்ளி, வேறு நிறத்தாள் ஒட்டித் தனியாக நிற்கட்டும். அதையும் சேர்த்து எண்ணியதால்தான் ஒன்பது வந்தது என்பதை அந்தப் பையனே பிரித்துக் காட்டட்டும். பெட்டிகள் ஒரே அளவில் இருப்பது முக்கியம். பெரிய சூரியன் படம் இரண்டு, சிறிய மேகப் படம் மூன்றைவிட உயரமாக நின்றால், குழந்தை உயரத்தைத்தான் நம்பும்.

சுருக்கத்தைப் பிள்ளைகள் வாய்மொழியிலேயே எழுதுங்கள்: “மூணு நாள் மோடம். ஒரு நாள் மழை. நாலு நாள் காத்து.” ‘மேகமான வாரம்’ என்று நீங்களாக முடித்துவிட வேண்டாம், மழையில் நனைந்த புதன்கிழமை அதில் காணாமல் போகும். மேகம் இரண்டு, வெயில் இரண்டு என்று சமமாக வந்தால் ‘ரெண்டும் சமம்’ என்பதே விடை. விடுமுறை நாள் கட்டத்தைத் திங்களன்று ஞாபகத்தில் நிரப்பாமல் வெறுமையாக விடுங்கள், அந்த வாரத்தின் மொத்தம் நான்கு.

வாரத் தாள்களைக் கிழித்துப் போடாமல் வரிசையாக ஒட்டிவையுங்கள். ஐப்பசி மழை பிடிக்கும்போது ஆடி மாதத் தாளைப் பக்கத்தில் வைத்து, எந்த அடுக்கு வளர்ந்தது, எது குறைந்தது என்று கேட்டுப் பாருங்கள்.