வழிகாட்டியவர் துறையையே விட்டுப் போகும்போது

தம்பி, இன்டர்ன்ஷிப்பில் உங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்த டீம் லீட் இந்த மாதக் கடைசியில் விலகுகிறார், மென்பொருள் துறையையே விட்டுவிட்டுக் குடும்பத் தொழிலுக்குப் போகிறார் என்று எழுதியிருந்தீர்கள். இனி அவரோடு தொடர்பில் இருந்து என்ன பயன், இருந்தாலும் காரியத்துக்காகப் பழகுவதுபோல் தெரியாதா என்பது உங்கள் கவலை.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அலுவலக மின்னஞ்சல் பெரும்பாலும் கடைசி நாளோடு முடங்கிவிடும். அதன் பிறகு நீங்கள் அனுப்புவது திரும்பி வரலாம். அவருடைய மேலாளர் பார்வைக்கும் போகலாம். கைப்பேசி எண்ணும் கம்பெனி கொடுத்ததாக இருந்தால் அதுவும் போய்விடும். ஆகவே அவர் நோட்டீஸ் காலத்தில் இருக்கும்போதே சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கேட்டு வாங்குங்கள்.

அதே நாட்களில் லிங்க்ட்இனில் ஒரு பரிந்துரை எழுதித் தரும்படியும் கேட்கலாம். விலகிய பிறகு அவரால் கம்பெனி லெட்டர்ஹெட்டில் எதுவும் தர முடியாது. பல நிறுவனங்களின் எச்.ஆர். பிரிவு நீங்கள் வேலை பார்த்த தேதிகளையும் பொறுப்பையும் மட்டுமே உறுதிசெய்யும். உங்கள் வேலை எப்படி இருந்தது என்று சொல்லத் தெரிந்தவர் அவர்தான். "எதிர்காலத்தில் யாராவது விசாரித்தால் உங்கள் பெயரைக் கொடுக்கலாமா சார்?" என்றும் கேட்டுவிடுங்கள். அவர் எந்தத் தொழிலில் இருந்தாலும் அந்தச் சாட்சியம் செல்லும், ஏனென்றால் உங்கள் வேலையை அவர் நேரில் பார்த்தவர்.

முடிந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். அவர் இடத்துக்கு வருபவரிடம் உங்களை அறிமுகப்படுத்தச் சொல்லுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒருவர் போனதோடு அந்த நிறுவனத்துடனான தொடர்பே அறுந்துபோகிறது.

ஏன் விலகுகிறீர்கள் என்று துருவ வேண்டாம். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

போன பிறகு முதல் இரண்டு மூன்று மாதங்கள் அவரை விட்டுவிடுங்கள். புதுத் தொழிலில் கால் ஊன்றும் நேரம் அது. அதற்குப் பின் எழுதும்போது "எப்படி இருக்கிறீர்கள் சார்" என்று மட்டும் எழுதினால், பதிலுக்கு என்ன எழுதுவது என்று யோசிக்கும் வேலை அவர் தலையில் விழும். அவர் கற்றுக்கொடுத்தது உங்களிடம் என்ன ஆனது என்று சொல்லுங்கள். டெஸ்டிங்கில் எல்லை மதிப்புகளை முதலில் பார்க்கச் சொன்னார் என்று எழுதியிருந்தீர்களே, அதையே எடுத்துக்கொள்வோம்:

"சார், எங்கள் ப்ராஜெக்டில் 18 முதல் 60 வயதுவரை பதிவு செய்யலாம். நீங்கள் சொன்னதுபோல் 17, 18, 60, 61 ஆகிய நான்கையும் போட்டுப் பார்த்தேன். 18 வயதுக்காரரை நிராகரித்தது. நிபந்தனையில் 'பெரியது அல்லது சமம்' என்பதற்குப் பதில் வெறும் 'பெரியது' என்று இருந்தது. திருத்திவிட்டோம். பதில் எழுத வேண்டும் என்றில்லை, உங்களிடம் சொல்லத் தோன்றியது."

இதில் எந்தக் கோரிக்கையும் இல்லை. அவர் துறையை விட்டாலும் அவர் கற்பித்தது துறைக்குள் உயிரோடு இருக்கிறது என்ற செய்திதான் இருக்கிறது. உண்மையாகவே இப்படி ஒன்று நடந்திருந்தால் மட்டும் எழுதுங்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை போதும். அவருடைய புதுத் தொழிலைப் பற்றியும் அக்கறையோடு ஒரு கேள்வி கேளுங்கள். அவருக்கு இப்போது அதுதான் உலகம்.

உதவி கேட்கும் நாள் வரும்போது, எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று அவரிடம் கேட்காதீர்கள். அந்தத் தகவல் அவரிடம் சீக்கிரமே பழசாகிவிடும். பழசாகாதது அவருக்குத் தெரிந்த மனிதர்கள். "டெஸ்டிங் ஆட்டோமேஷனில் இருக்கும் உங்கள் பழைய சகாக்களில் ஒருவரிடம் 15 நிமிடம் பேச ஆசைப்படுகிறேன், அறிமுகம் செய்ய முடியுமா?" என்று குறிப்பாகக் கேளுங்கள். கூடவே அவர் அப்படியே அனுப்பிவிடக்கூடிய நான்கு வரி அறிமுகத்தையும் எழுதிக் கொடுங்கள்.

இடையில் நீண்ட நாள் விட்டுப்போனாலும் கூச்சப்பட வேண்டாம். டேனியல் லெவினும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், குறைந்தது மூன்று ஆண்டுகள் பேசாமல் இருந்த பழைய தொடர்புகளிடம் நிர்வாகிகளை ஆலோசனை கேட்க வைத்தார்கள். கிடைத்த யோசனைகள் பயனுள்ளவையாகவும், அன்றாடம் பழகுபவர்களிடம் கிடைப்பதைவிடப் புதியவையாகவும் இருந்தன. பழைய நம்பிக்கை மிச்சமிருக்க, அவர்கள் இதற்குள் வேறு உலகம் பார்த்திருக்கிறார்கள்.

இதுவே அவர் வேறு கம்பெனிக்குப் போயிருந்தால் ஒரு எச்சரிக்கை சொல்லியிருப்பேன்: சேர்ந்த உடனே ரெஃபரல் கேட்கக் கூடாது. அவரே புரொபேஷனில் இருப்பார். பழைய நிறுவனத்தின் ஆட்களை இழுக்க மாட்டேன் என்று குறிப்பிட்ட காலத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தும் இருக்கலாம்.

இரண்டு செய்திகளுக்குப் பதில் வரவில்லையென்றால் மூன்றாவதை உடனே அனுப்பாதீர்கள். படிப்பு முடிந்து முதல் வேலை கிடைத்ததும் அந்தச் செய்தியை மட்டும் சொல்லி எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.