வராத கடைசிப் பக்கத்துக்கு எவ்வளவு மதிப்பெண்?

கேள்வி: முதலாமாண்டு வரலாறு படிக்கும் மாணவி ஒருவர் கையால் எழுதி, ஸ்கேன் செய்து அனுப்பிய அசைன்மென்ட் கட்டுரையில் ஐந்தாவது பக்கம், அதாவது கடைசிப் பக்கம், வரவில்லை. வந்த நான்கு பக்கங்களும் வகுப்பிலேயே சிறந்தவை. முடிவுரையும் அதே தரத்தில்தான் இருந்திருக்கும் என்று சேர்த்துப் போட்டுவிடலாமா? இல்லை, முழுமையாகாத கட்டுரை என்று 25க்கு 13 போட்டு முடித்துவிடலாமா? பெயரை மறைத்து நகலையும் மதிப்பெண் பகுப்பையும் இணைத்திருக்கிறேன்.
– கல்லூரி விரிவுரையாளர், விழுப்புரம்

பதில்: இரண்டுமே கூடாது. முதலாவதில் நீங்கள் படிக்காத பக்கத்துக்கு மதிப்பெண் போடுகிறீர்கள், இரண்டாவதில் படித்த நான்கு பக்கங்களுக்கு உரியதைப் பிடுங்குகிறீர்கள். கையில் இருக்கும் பக்கங்களுக்கு முழுசாக மதிப்பெண் கொடுங்கள், இல்லாததற்கு எதுவும் கொடுக்க வேண்டாம், இல்லாததற்காகத் தனியாகத் தண்டனையும் வேண்டாம்.

மதிப்பெண்ணுக்குப் போகும் முன், உங்கள் பக்கத்தில் பக்கம் தொலையவில்லை என்று உறுதி செய்துகொண்டீர்களா? கேள்வியில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே என்றுதான் கேட்கிறேன். அவர் அனுப்பிய மூலக் கோப்பைத் திறந்து பக்க எண்ணிக்கையைப் பாருங்கள், அச்செடுத்த தாளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மின்னஞ்சலில் ஒரே கோப்பாக அனுப்பாமல் தனித்தனிப் படங்களாக அனுப்பியிருந்தால், நான்கைப் பதிவிறக்கி ஐந்தாவதை விட்டிருக்கலாம். துறை அலுவலகத்தில் எல்லோருடையதையும் சேர்த்து அச்செடுத்திருந்தால், அடுத்த மாணவரின் கட்டுரையோடு பின் அடித்துக் கிடக்கலாம். பக்கம் நம் கையில் தொலைந்திருந்தால் கதையே வேறு. அப்போது அவரிடம் மூலத் தாளை மறுபடி வாங்க வேண்டியது நம் கடமை. அவரிடமும் இல்லை என்றால் மட்டும், அந்தப் பக்கத்தால் பாதிக்கப்படாத பிரிவுகளுக்கு மதிப்பெண் போட்டு அதை 25க்கு விகிதப்படுத்தலாம், துறைத் தலைவரின் கையெழுத்தோடு. அவர் அனுப்பியதே நான்கு பக்கம் என்றால் விகிதப்படுத்தும் பேச்சுக்கே இடமில்லை, ஏனென்றால் விகிதம் போடுவது என்றாலே ஐந்தாம் பக்கமும் மற்ற நான்கைப் போலவே இருந்தது என்று நாமாக எழுதிக்கொள்வதுதான்.

அடுத்தது, பக்கம் உண்மையிலேயே விட்டுப்போனதா, இல்லை கட்டுரையே முடிக்கப்படவில்லையா? நீங்கள் அனுப்பிய நகலைப் பார்த்தாலே தெரிகிறது. ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் 1/5, 2/5 என்று அவரே எண் போட்டிருக்கிறார். நான்காம் பக்கம் கடைசி வரி வரை நிரம்பி, பாதி வாக்கியத்தில் நிற்கிறது. எழுத முடியாமல் விட்ட கட்டுரை பெரும்பாலும் தாளின் நடுவில் நிற்கும், கீழே வெற்றிடம் இருக்கும், கடைசிப் பத்தியில் கையெழுத்து ஓடும், வாக்கியங்கள் சுருங்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் எழுதிய தாள் என்பதால் ஐந்தாம் பக்கம் மூன்றாவது தாளில் தனியாக இருந்திருக்கும், ஸ்கேன் செய்யும்போது அது விட்டுப்போவது சுலபம். ஆக, பக்கம் இருந்தது என்று நம்பலாம். ஆனால் அதில் என்ன இருந்தது என்று இதிலிருந்து தெரியாது.

சரி, கட்டுரைக்கு வருவோம். தமிழ்நாட்டில் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் பெருகியதில் பள்ளி உணவுக்கு எவ்வளவு பங்கு, மதிப்பிட்டு எழுதுக என்பது தலைப்பு. சோறு பிள்ளைகளை இழுத்தது, ஆனால் நடந்து போகும் தூரத்தில் பள்ளி இருந்ததால்தான் அந்த இழுப்பு பலித்தது என்று முதல் பக்கத்திலேயே தன் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறார். 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது, 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு மாநிலம் முழுக்கப் போனது, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரித்தது என்று இரண்டாம், மூன்றாம் பக்கங்களில் படிப்படியாக வருகிறார். வெறும் ஆண்டுப் பட்டியல் இல்லை, ஒவ்வொரு கட்டத்திலும் பள்ளி திறந்த வேகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். நான்காம் பக்கத்தில் தனக்கு எதிரான வாதத்தைத் தானே எடுக்கிறார்: சோறு இல்லாவிட்டாலும் பள்ளியும் சாலையும் வந்த பிறகு பிள்ளைகள் வந்திருப்பார்களே? அதற்குப் பதில் சொல்லத் தொடங்கி, "ஆனால் 1982க்குப் பிறகு சேர்ந்தவர்களில் பெண் பிள்ளைகளின்" என்பதோடு தாள் முடிகிறது.

இந்த அரை வாக்கியத்தைக் கொஞ்சம் பாருங்கள். நீங்கள் மனத்துக்குள் "எண்ணிக்கை கூடியது" என்று முடித்துப் படித்திருப்பீர்கள், நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும், கூடியதா, குறைந்ததா, தெரியவில்லையா என்பது அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. அதற்குமேல் "பெண் பிள்ளைகளின்" என்ற வேற்றுமைக்குப் பின் எண்ணிக்கை வரலாம், வயது வரலாம், இடைநிற்றலும் வரலாம். அந்த வாக்கியத்தை முடித்தது நீங்களும் நானும், மாணவி இல்லை.

நான் கல்லூரியில் பாடம் எடுத்த காலத்தில் இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். நன்றாக எழுதும் ஒரு பையனின் கட்டுரையில் கடைசித் தாள் இல்லை. இவன் இதைச் சரியாகத்தான் முடித்திருப்பான் என்று முடிவுரைக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டேன். மறுவாரம் அவனே தாளைக் கொண்டுவந்தான். முதல் பக்கத்தில் சொன்னதை வார்த்தை மாற்றி எழுதியிருந்தான், எழுப்பிய கேள்விக்குப் பதிலே இல்லை. அதே வகுப்பில் முழுக் கட்டுரையும் கொடுத்து, முடிவுரை சுமாராக இருந்ததால் என்னிடம் மதிப்பெண் இழந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. பக்கம் வராததால் ஒருவனுக்கு ஆதாயம் கிடைத்திருந்தது, அது நான் கொடுத்தது.

இப்போது உங்கள் பகுப்பின்படி போட்டுப் பார்க்கிறேன். நிலைப்பாட்டுக்கு 5. முதல் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது, மூன்றாம் பக்கக் கடைசியில் "இதுவரை பார்த்ததில் பள்ளிக்கும் சோற்றுக்கும் சமபங்கு" என்று ஓர் இடைக்காலத் தீர்ப்பும் சொல்கிறார். 4 கொடுக்கலாம். சான்றுகளுக்கு 8, அவை எல்லாம் வந்த பக்கங்களிலேயே இருக்கின்றன, 7 போடுங்கள். இந்த இரண்டிலும் கடைசிப் பக்கம் இல்லாதது ஓர் அரை மதிப்பெண்ணைக்கூடத் தொடக் கூடாது.

மாற்று வாதத்தைக் கையாள்வதற்கு 5. இங்குதான் யோசிக்க வேண்டும். எதிர்வாதத்தைக் கண்டுபிடித்ததும், அதைப் பலவீனமாக்காமல் முழு வலுவோடு வைத்ததும் பக்கத்தில் இருக்கிறது. பதில் இல்லை. 3 கொடுங்கள். பதில் வரவில்லை என்று 1 கொடுத்தால் எழுதியதை மறுக்கிறீர்கள், பதில் நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று 5 கொடுத்தால் நான் செய்ததைத்தான் நீங்களும் செய்கிறீர்கள். அமைப்புக்கும் முடிவுரைக்கும் சேர்த்து 4 வைத்திருக்கிறீர்கள். வந்த பக்கங்களின் வரிசைக்கு 2, முடிவுரைக்குச் சுழி. மூன்றாம் பக்க இடைக்காலத் தீர்ப்பை முடிவுரையாக எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம், அதற்கு நிலைப்பாட்டில் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். தவிர, எதிர்வாதத்தைப் பார்க்கும் முன் சொன்ன தீர்ப்பு அது, பார்த்த பிறகு மாற்றியிருக்கவும் கூடும். மொழிக்கு 2, குறையில்லை, முழுசாகக் கொடுங்கள். மேற்கோள் முறைக்கு 1. நூற்பட்டியல் கடைசிப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும், அது இல்லை, ஆனால் வரிகளுக்கு நடுவே ஆசிரியர் பெயரும் ஆண்டும் ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார். அரை மதிப்பெண்.

கூட்டினால் 18.5. நீங்கள் போட நினைத்த 13க்கும் இதற்கும் ஐந்தரை வித்தியாசம். அந்த ஐந்தரையும் அவர் எழுதி, நீங்கள் படித்துவிட்ட வரிகளுக்கு உரியது. "முழுமையாகாத கட்டுரை" என்று உங்கள் பகுப்பில் ஒரு பிரிவே கிடையாது, பிறகு எங்கிருந்து அதைக் கழிப்பீர்கள்? முடிவுரையில் ஒருமுறை இழந்ததற்கு மொத்தத்திலும் ஒருமுறை பிடிப்பது ஒரே குறைக்கு இரண்டு தண்டனை.

அப்புறம், அவரிடம் பக்கத்தைக் கேட்கலாமா? இது வகுப்பு அசைன்மென்ட், கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் 18.5ஐ முதலில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொண்டு கேளுங்கள். உங்கள் கருத்துகள் அடங்கிய தாளைத் திருப்பிக் கொடுத்த பிறகு கேட்காதீர்கள், அதன் பிறகு வரும் பக்கம் எப்போது எழுதியது என்ற சந்தேகம் தீராது. மறுநாளே மூலத் தாள்கள் மூன்றையும் நேரில் கொண்டுவரச் சொல்லுங்கள், புதிதாக ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்ல வேண்டாம். "பெண் பிள்ளைகளின்" என்பதற்கு அடுத்த சொல் ஐந்தாம் பக்கத்தின் முதல் வரியில் இயல்பாகப் பொருந்துகிறதா, அதே தாள், அதே மை, அதே பக்க எண் போடும் முறையா என்று பாருங்கள். வரிகளுக்கு நடுவே வந்த நூல்களே பட்டியலிலும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பொருந்தினால் பாதிக்கப்பட்ட மூன்று பிரிவுகளுக்கு மட்டும், அதாவது மாற்று வாதம், முடிவுரை, மேற்கோள், மறுபடி மதிப்பெண் போடுங்கள். மற்றவற்றைத் தொடாதீர்கள். அதிகபட்சம் 23 வரலாம். அந்தப் பக்கம் மோசமாக இருந்தால் 18.5 அப்படியே நிற்கும், குறையாது. தாமதத்துக்கு உங்கள் துறையில் கழிவு விதி இருந்தால் அது எல்லோருக்கும் எப்படியோ அப்படியே இவருக்கும். இதே வாய்ப்பை இதே குறையோடு வரும் அடுத்த மாணவருக்கும், அவர் சுமாராக எழுதுபவராக இருந்தாலும், கொடுக்க வேண்டியிருக்கும்.

பல்கலைக்கழகத் தேர்வுத் தாளில் இப்படி நேர்ந்தால் இந்த வழி செல்லாது. அங்கே டம்மி நம்பர்தான் இருக்கும், மாணவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. தாளில் உள்ளதற்கு மதிப்பெண் போட்டு, பக்கம் குறைவதாக எழுத்தில் குறித்து, முகாம் அலுவலரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான்.

கட்டுரையின் மேல் ஒரு குறிப்பு எழுதுங்கள்: "4ஆம் பக்கம் முடிய, 'பெண் பிள்ளைகளின்' என்ற சொல் வரை படித்து மதிப்பிட்டது, மாற்று வாதத்துக்கான பதில், முடிவுரை, நூற்பட்டியல் பார்க்கக் கிடைக்கவில்லை." எழுதவில்லை என்று எழுதாதீர்கள், கிடைக்கவில்லை என்றே எழுதுங்கள். திருத்திய விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பார்க்கும் உரிமை தேர்வு எழுதியவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011இல், சி.பி.எஸ்.இ. – ஆதித்ய பந்தோபாத்யாய வழக்கில், சொல்லிவிட்டது. அது தேர்வுத் தாளைப் பற்றிய வழக்குதான், இருந்தாலும் அசைன்மென்ட் எழுதியவரும் எங்கே எவ்வளவு போனது என்று கேட்டு வரலாம். அன்றைக்குப் பிரிவுவாரியாகப் போட்ட எண்களும் இந்த ஒரு வரியும் இருந்தால் நீங்கள் நேராகப் பதில் சொல்லலாம். மொத்தமாக 13 என்று மட்டும் இருந்தால் என்ன சொல்வீர்கள்?