பதில் தராத வெப் டெவலப்பரிடம் முதலில் டொமைனைக் கேளுங்கள்

கேள்வி: எங்கள் கடை வெப்சைட்டைச் செய்து கொடுத்தவர் இரண்டு மாதமாக போனை எடுப்பதில்லை, மெயிலுக்கும் பதில் இல்லை. சண்டை போடாமல் ஃபைல்களையும் லாகின்களையும் கேட்டு எப்படி எழுதுவது?

பதில்:

மெயில் எழுத உட்காரும் முன்னால் ஒரு ஐந்து நிமிட வேலை இருக்கிறது. lookup.icann.org என்ற பக்கத்தில் உங்கள் டொமைன் பெயரை, அதாவது உங்கள் வெப்சைட் முகவரியை, போட்டுத் தேடுங்கள். மேக் அல்லது லினக்ஸ் லேப்டாப்பில் டெர்மினல் பழக்கம் இருந்தால் இப்படியும் பார்க்கலாம்:

```
whois example.com
```

வருவதில் மூன்று வரிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். `Registrar` என்பது டொமைனை விற்ற நிறுவனம். `Registry Expiry Date` என்பது அது காலாவதியாகும் நாள். `Name Server` என்பது டொமைன் இப்போது எந்த நிறுவனத்தின் சர்வரைக் காட்டுகிறது என்பது. உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உங்கள் பெயரிலா அவர் பெயரிலா என்று தெரிய வேண்டுமானால், அந்த ரிஜிஸ்ட்ரார் பெயரை உங்கள் இன்பாக்ஸில் தேடுங்கள். பதிவு விவரங்களைச் சரிபார்க்கச் சொல்லி வருடத்துக்கு ஒருமுறை உரிமையாளருக்கு மெயில் அனுப்ப வேண்டும் என்பது ரிஜிஸ்ட்ரார்களுக்கு உள்ள விதி. அப்படி ஒரு மெயில் உங்களுக்கு வந்திருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

எங்களுக்கு வந்திருக்கவில்லை. நாங்கள் மன்னார்குடி பக்கம். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி அரிசி எல்லாம் பார்சலில் வெளியூருக்கு அனுப்புகிறோம், ஆர்டரில் பாதி வெப்சைட் வழியாகத்தான் வரும். அதைச் செய்து கொடுத்த தம்பி ஆகஸ்டு முதல் தொடர்பில் இல்லை. நான் தேடிப் பார்த்தபோது காலாவதி நாள் நவம்பர் 12 என்று இருந்தது. அன்றைக்குத் தேதி செப்டம்பர் 29. அதாவது 44 நாள்.

அதற்குள் என் அண்ணன் கோபத்தில் ஒரு மெயில் அனுப்பிவிட்டிருந்தார். ஒரே நாளில் எல்லா பாஸ்வேர்டும் வர வேண்டும், இல்லாவிட்டால் போலீஸுக்குப் போவோம் என்று. அதற்கும் பதில் இல்லை. அண்ணன் கோபத்தில் நியாயம் உண்டு, ஆனால் அந்த மெயிலில் சிக்கல் இருந்தது. எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் போடாமல் வெளியாள் ஒருவரிடம் வெப்சைட் செய்யச் சொன்னால், 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி அவர் எழுதிய நிரலுக்கு முதல் உரிமையாளர் பொதுவாக அவரேதான். பணம் கொடுத்ததனால் மட்டும் அது நம்முடையதாகிவிடாது, எழுத்தில் மாற்றித் தர வேண்டும். நாம் கொடுத்த பெயர், நாம் எழுதிய விவரங்கள், நாம் எடுத்த அரிசிப் படங்கள் நம்முடையவை. ஆகவே மிரட்டுவதற்கு நம் கையில் இருக்கும் பிடி நாம் நினைப்பதைவிடச் சிறியது.

அடுத்தது, "எல்லா ஃபைலும் எல்லா லாகினும் அனுப்புங்கள்" என்று கேட்பது. கேட்பவருக்கு அது ஒரு வரி. அனுப்புகிறவருக்கு அரை நாள் வேலை. ஏற்கெனவே பதில் போடத் தயங்குகிறவர் அதைப் பார்த்ததும் மூடி வைத்துவிடுவார். அதனால் முதலில் ஒன்றே ஒன்றைக் கேட்க வேண்டும், அது டொமைனாக இருக்க வேண்டும். வெப்சைட்டைத் திரும்பச் செய்துகொள்ளலாம். அரிசி மூட்டையில் அச்சடித்த முகவரி போய்விட்டால் அதே முகவரியை வேறொருவர் வாங்கிவிடலாம். .com டொமைன் காலாவதியானால் ரிஜிஸ்ட்ராரைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள் வரை சலுகை கிடைக்கும், அதற்குப் பின் 30 நாள் கூடுதல் கட்டணம் கட்டி மீட்கும் காலம், கடைசியாக 5 நாள், அப்புறம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சலுகைக் காலத்திலும் புதுப்பிக்கும் பொத்தான் அவர் கணக்கில்தான் இருக்கும்.

அதே ரிஜிஸ்ட்ராரிடம் என் பெயரில் ஒரு இலவசக் கணக்கு திறந்து, வாடிக்கையாளர் எண்ணைக் குறித்துக்கொண்டேன். ஒரே நிறுவனத்துக்குள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு டொமைனைத் தள்ளிவிடுவது சில நிமிட வேலை. வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதென்றால் பூட்டைத் திறந்து, ரகசிய எண் வாங்கி, சில நாள் காத்திருக்க வேண்டும். அவருக்கு எது சுலபமோ அதைத்தான் கேட்க வேண்டும். இன்னொன்று, அவருக்கு 3,500 ரூபாய் பாக்கி இருந்தது. லாகின் கொடுத்தால் பணம் என்று பேரம் பேசலாம் என்றார் அண்ணன். நான் மெயில் போடும் முன்பே அனுப்பிவிட்டேன். அது அவர் உழைத்த காசு.

நான் எழுதியது இது:

> பொருள்: எங்கள் டொமைன் நவம்பர் 12 காலாவதி, உங்கள் உதவி வேண்டும்
>
> அன்புள்ள தம்பிக்கு,
>
> வணக்கம். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா? சில வாரங்களாக உங்களோடு பேச முடியவில்லை. என்ன சூழ்நிலையோ தெரியாது, அதற்கு நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. முன்பு எங்கள் வீட்டிலிருந்து வந்த மெயில் உங்களை வருத்தியிருந்தால் மன்னித்துவிடுங்கள்.
>
> கடைசியாகச் செய்த மாற்றங்களுக்கான பாக்கி 3,500 ரூபாயை இன்று காலை அனுப்பிவிட்டேன்.
>
> இப்போது ஒரே ஒரு உதவி வேண்டும். டொமைன் நவம்பர் 12ஆம் தேதி காலாவதியாகிறது. அதே ரிஜிஸ்ட்ராரில் என் பெயரில் கணக்கு திறந்திருக்கிறேன். வாடிக்கையாளர் எண்ணும் மெயில் முகவரியும் கீழே இருக்கின்றன. உங்கள் கணக்கிலிருந்து டொமைனை அந்தக் கணக்குக்கு மாற்றிவிட முடியுமா? இப்போது அது முடியாது என்றால், ஒரு வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டுத் தொகையை மட்டும் சொல்லுங்கள், அன்றே அனுப்புகிறேன்.
>
> மற்றவை உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது போதும்: ஹோஸ்டிங்கிலிருந்து ஒரு முழு பேக்கப், வேர்ட்பிரஸில் என் மெயில் முகவரிக்கு ஒரு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு. பாஸ்வேர்ட் எதையும் மெயிலில் அனுப்ப வேண்டாம். இதற்கு ஆகும் நேரத்துக்கு உங்கள் கட்டணத்தைச் சொல்லுங்கள்.
>
> அக்டோபர் 15க்குள் டொமைன் மட்டும் முடிந்தால் தீபாவளி ஆர்டர்களுக்குத் தடங்கல் வராது. முடியாமல் போனால் ரிஜிஸ்ட்ராரின் உதவிப் பிரிவுக்கு நானே எழுதிப் பார்ப்பேன். உங்களுக்குத் தெரியாமல் செய்ததாக இருக்கக் கூடாது என்றுதான் முன்பே சொல்கிறேன்.
>
> போனில் பேசுவது சுலபம் என்றால் எந்த நேரமும் கூப்பிடுங்கள்.

தேதி சொல்லும் இடத்தில் கவனமாக இருங்கள். "உடனே" என்பதற்கு அர்த்தமே இல்லை. காலாவதி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, அவர் தராவிட்டாலும் உங்களுக்கு நான்கு வாரமாவது மிஞ்சுகிற மாதிரி ஒரு நாளைச் சொல்லுங்கள்.

பாஸ்வேர்ட் வேண்டாம் என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. ஒரே ஹோஸ்டிங் கணக்கில் நான்கைந்து கடைகளின் வெப்சைட்டை வைத்திருப்பது இந்தத் தொழிலில் சகஜம். உங்களுக்கு அந்த பாஸ்வேர்டைக் கொடுத்தால் மற்றவர்களுடையதும் திறந்துவிடும். அவர் தயங்குவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். உங்கள் தளத்தின் பேக்கப் மட்டும் என்றால் அந்தச் சங்கடம் இல்லை. ஆனால் பேக்கப் என்று வருவதைத் திறந்து பாருங்கள். எங்களுடையதைப் போல வேர்ட்பிரஸில் செய்த தளம் என்றால், `.sql` என்று முடியும் டேட்டாபேஸ் ஃபைல் ஒன்று, `wp-content` என்ற ஃபோல்டர் ஒன்று, இரண்டும் இருக்க வேண்டும். வேர்ட்பிரஸுக்குள்ளிருந்து எக்ஸ்போர்ட் செய்த ஒரே ஒரு `.xml` ஃபைலை அனுப்பினால், அதில் எழுத்து இருக்கும், படங்கள் இருக்காது.

நான்காம் நாள் இரவு பதினோரு மணிக்குப் பதில் வந்தது. அவருடைய அப்பாவைத் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள், மாதக்கணக்கில் அலைச்சல். "அக்கா, போலீஸ் என்று பார்த்ததும் உங்கள் மெயில் எதையும் திறக்கவே பயமாக இருந்தது. இந்தத் தடவை பொருள் வரியைப் பார்த்துத்தான் திறந்தேன்" என்று எழுதியிருந்தார். மறுநாள் டொமைன் என் கணக்குக்கு வந்துவிட்டது. பேக்கப் வர மேலும் இரண்டு வாரம் ஆனது.

எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன். பதில் வராவிட்டால் ஒரு வாரம் விட்டு, அதே மெயிலுக்குக் கீழேயே இரண்டு வரி எழுதுங்கள், வாட்ஸ்அப்பில் "மெயில் போட்டிருக்கிறேன், டொமைன் மட்டும் அவசரம்" என்று ஒரு வரி. அவர் வேலை பார்க்கும் இடத்துக்கோ உறவினர்களுக்கோ சொல்லாதீர்கள், பேஸ்புக்கில் போடாதீர்கள். நீங்கள் சொன்ன தேதி தாண்டினால் ரிஜிஸ்ட்ராருக்கு எழுதுங்கள், டொமைனுக்குப் பணம் கட்டிய ரசீது, ஜிஎஸ்டி சான்றிதழ், அனுப்பிய மெயில்களோடு. பதிவில் உங்கள் பெயர் இருந்தால் வழி பிறக்கும். அவர் பெயரே இருந்தால் நிறுவனம் அவரைத்தான் உரிமையாளராகப் பார்க்கும், அப்போது காலத்தைக் கடத்தாமல் இன்னொரு டொமைனை உங்கள் பெயரில் வாங்கிவைப்பது நல்லது. பழைய பக்கங்களின் எழுத்தையும் படங்களையும் web.archive.org தளத்தில் ஓரளவு எடுக்கலாம். ஆர்டர் பட்டியல், வாடிக்கையாளர் விவரம் அங்கே கிடைக்காது.

டொமைன் கைக்கு வந்தபின் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன், இது பலருக்கும் நடக்கும். புது ஹோஸ்டிங் வாங்கிய உற்சாகத்தில் அன்றே நேம் சர்வரை மாற்றினேன். வெப்சைட் வந்தது, கடை மெயில் நின்றுபோனது. மெயிலை எங்கே கொண்டுசேர்க்க வேண்டும் என்று சொல்லும் `MX` பதிவு பழைய நேம் சர்வரில் இருந்தது, புதியதில் நான் எழுதவில்லை. ஒன்றரை நாள் கழித்து, சென்னையிலிருந்து ஒரு வாடிக்கையாளர் போன் செய்து கேட்டபோதுதான் தெரிந்தது. நேம் சர்வரைத் தொடும் முன்னால் இதை ஓட்டி, வருவதை ஒரு இடத்தில் எழுதிவையுங்கள்:

```
nslookup -type=mx example.com
```

அதே வரிகள் புது இடத்திலும் இருக்கின்றன என்று பார்த்தபிறகு மாற்றுங்கள். மெயில் பெட்டியே பழைய ஹோஸ்டிங்கில் இருந்தால், பழைய மெயில்களை இறக்கிக்கொள்ளும் வரை அந்தக் கணக்கை மூட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். எங்கள் தம்பி நவம்பர் கடைசி வரை திறந்து வைத்திருந்தார்.