பாட்டியின் முதல் அடி விழும் இடத்தில் வெளிச்சம்

கேள்வி: என் மாமியாருக்கு 74 வயது. இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து கழிவறைக்குப் போவார். 6 வயது மகன் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கிறான். அவனும் இருட்டுக்குப் பயந்து பாட்டியை எழுப்புவான். ஆள் வந்தால் தானாக எரியும் சென்சார் விளக்கு ஒன்றை வாங்கிக் கழிவறைக் கதவுக்கு மேலே ஒட்டினோம். மாமியார் கதவுக்கு அருகில் போன பிறகுதான் எரிகிறது. எரிந்தாலோ கண் கூசுகிறது என்கிறார். கோடையில் பல நாள் எரியவே இல்லை. கடைக்காரர் மாற்றித் தந்த விளக்கும் அப்படியேதான். நல்ல விளக்காக எதை வாங்குவது? — வாசகி, திருநெல்வேலி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் சொல்லும் மூன்று குறைகளும் விளக்கின் பழுதல்ல, அதை ஒட்டிய இடத்தால் வருபவை. அதனால் இன்னொன்று வாங்கி அதே கதவுக்கு மேல் ஒட்டினாலும் இதேதான் நடக்கும்.

இந்த விளக்குகளில் இருக்கும் வெள்ளைக் குமிழ் ஆளைப் பார்ப்பதில்லை. உடம்பின் சூடு ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு நகர்வதை உணர்கிறது. குறுக்கே கடந்து போகிறவரைச் சட்டென்று பிடித்துவிடும். நேர் எதிரே நடந்து வருகிறவரைப் பிடிக்கத் திணறும். உங்கள் மாமியார் கதவை நோக்கி நேராக, அதுவும் மெதுவாக நடந்து வருகிறார். அதனால்தான் தாமதம். கோடையின் கதையும் இதுதான். நம் தோலின் சூடு ஏறக்குறைய 33 டிகிரி. மே மாத இரவில் சுவரும் தரையும் அந்தச் சூட்டை நெருங்கிவிட்டால், சென்சாருக்கு ஆளுக்கும் சுவருக்கும் வேறுபாடு தெரியாது. ஆகவே வெயில் காலத்தில் விளக்கு நடப்பவருக்குப் பக்கத்திலேயே, ஐந்தாறு அடிக்குள் இருக்க வேண்டும்.

கண் கூசுவதை முதியவரின் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். 60 வயதைக் கடந்த கண்ணின் விழித்திரைக்கு, 20 வயதுக் கண்ணுக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் போய்ச் சேருகிறது. அதனால் அவருக்கு இருட்டு நம்மைவிட அதிக இருட்டு. அதேசமயம் தலைக்கு மேலிருந்து வெள்ளை ஒளி முகத்தில் அடித்தால் கண் தெளிய அவருக்கு நேரம் பிடிக்கும். அந்தச் சில நொடிகளில் கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாது. விளக்கு முழங்காலுக்குக் கீழே, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், தரையைப் பார்த்து எரிய வேண்டும். மஞ்சள் ஒளி போதும். பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருக்கும். நம் வீடுகளில் பிளக் பாயிண்ட் பெரும்பாலும் நான்கு அடி உயரத்து சுவிட்ச் போர்டில்தான் இருக்கிறது. அங்கே செருகும் விளக்கு மீண்டும் முகத்துக்கு நேராக எரியும் என்பதால், சார்ஜ் செய்து ஒட்டும் வகையே உங்களுக்குச் சரி. மின்சாரம் போனாலும் எரியும்.

இனி எங்கெங்கே ஒட்டுவது? இன்றிரவே எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு மாமியாரின் கட்டிலில் நீங்கள் படுத்து எழுந்து நடந்து பாருங்கள். பகலில் அந்த வழியின் சுவரையும் பாருங்கள். என் அம்மாவின் வீட்டில் இடுப்பு உயரத்தில் சுண்ணாம்புச் சுவரில் ஒரு பழுப்புக் கோடு ஓடியது. பல வருடங்களாக இரவில் உள்ளங்கையால் தடவிக்கொண்டே போன தடம் அது. கூடத்துத் திருப்பத்தில் மட்டும் அந்தக் கோடு திட்டாக அகன்றிருந்தது; அங்கே நின்று, திசை தெரியாமல் தடவியிருக்கிறார். அதைப் பார்த்த அன்று எனக்கு மனம் கனத்துப் போனது. அந்தத் திட்டு இருக்கும் இடம்தான் விளக்கு வேண்டிய இடம்.

முதல் விளக்கு கட்டிலுக்கு அடியில், அவர் காலைக் கீழே வைக்கும் பக்கத்துச் சட்டத்தில் இருக்கட்டும். கால் தொங்கியதுமே தரை தெரியும். பாயில் பேரனின் கை எங்கே கிடக்கிறது என்பதும் தெரியும். உங்கள் வீட்டில் ஒரு சிக்கல் வரும்: பையன் தூக்கத்தில் புரளும்போதெல்லாம் விளக்கு எரியும். குமிழில் பாய் இருக்கும் பக்கத்தை மட்டும் மறைத்துக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். சென்சார் அந்தத் திசையைப் பார்க்காது. இரண்டாவது, கூடத்துத் திருப்பத்தில் பக்கச் சுவரில், அவர் குறுக்கே கடக்கும்படி. மூன்றாவது, கழிவறை வாசலுக்குச் சற்று முன்னால், பக்கச் சுவரிலேயே. கழிவறைத் தரை இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தால் இந்த விளக்குதான் முக்கியம். பக்கத்திலிருந்து தாழ்வாக விழும் ஒளியில் படியின் விளிம்பு நிழலோடு தெளிவாகத் தெரியும். மேலிருந்து விழும் ஒளியில் இரண்டு தரையும் ஒன்றுபோல் தோன்றிவிடும்.

ஒட்டிய பிறகு மாமியாரின் வேகத்தில் நடந்து பாருங்கள். பல விளக்குகள் 20 நொடியில் அணைந்துவிடும். அவர் சுவரைப் பிடித்து மூச்சு வாங்க அசையாமல் நின்றால், ஆள் இல்லை என்று சென்சார் நினைத்துக்கொள்ளும். ஒரு நிமிடம் எரியும்படி மாற்றக்கூடிய விளக்காகப் பார்த்து வாங்குங்கள். முதல் விளக்கு அணைவதற்குள் அடுத்தது எரிந்துவிட வேண்டும். இரண்டாவது எரியவே இல்லையென்றால் உடனே கடைக்கு ஓடாதீர்கள். இருட்டா வெளிச்சமா என்று பார்க்கும் சின்னக் கண் ஒன்றும் இவற்றில் உண்டு. முதல் விளக்கின் ஒளியோ சுவாமி மாடத்துச் சிவப்பு பல்போ அதன்மேல் விழுந்தால், பகல் என்று எண்ணிச் சும்மா இருந்துவிடும். ஓரடி தள்ளி ஒட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கழிவறைக்குள் மட்டும் சென்சார் விளக்கு வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அங்கே மனிதர் அசையாமல் உட்கார்ந்திருப்பார்; விளக்கு அணையும்; இருட்டில் எழுந்திருக்க முயல்வார். அரை வாட் எல்.இ.டி. விடிவிளக்கு ஒன்றை உள்ளே மாட்டி இரவு முழுவதும் எரிய விடுங்கள். பத்து மணி நேரம் எரிந்தாலும் ஒரு யூனிட் மின்சாரம் 200 இரவுக்கு வரும். பையனுக்கும் கதவிடுக்கில் அந்த வெளிச்சம் தெரிந்தால் போக வேண்டிய இடம் புரியும்.

பையனுக்காக இன்னொன்று. பொத்தான் போன்ற வட்டப் பேட்டரி போட்ட பொம்மை விளக்குகளை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்காதீர்கள். அதை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் புண்ணாகத் தொடங்கிவிடும். விழுங்கியிருப்பானோ என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாமியார் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது தலை சுற்றலாம். கட்டில் விளக்கு எரிந்ததும் எழுந்து நடக்காமல், அது அணையும் வரை விளிம்பில் உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள்; காலை அசைத்தால் மறுபடி எரியும், பிறகு எழுந்து போகலாம். எண்ணிக்கொண்டு உட்காரச் சொன்னால் தூக்கக் கலக்கத்தில் யாரும் எண்ண மாட்டார்கள். விளக்கு அணைவது நல்ல கணக்கு.

விளக்குகளை மூன்றுக்குப் பதில் நான்காக வாங்குங்கள். ஒன்று சார்ஜில் இருக்கும்போது அதன் இடம் ஒரு இரவுகூடக் காலியாக இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு துலக்கும்போதே ஒன்றைக் கழற்றிச் சார்ஜில் போட்டு, நிரம்பியிருப்பதை அங்கே ஒட்டிவிட்டால் மறந்துபோகாது.