அண்ணனிடம் தவறை எப்படிச் சொல்வது?

கேள்வி: துறைமுகச் சரக்குகளை விடுவித்துத் தரும் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஆறு மாதங்களுக்கு முன் ஆவணங்களைச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அங்கே 25 ஆண்டுகளாக இருக்கும் அண்ணன் ஒருவர் தயாரிக்கும் ஆவணங்களில் கன்டெய்னர் எண்கள் அடிக்கடி மாறிப்போகின்றன. ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் "தப்பா போட்டுக்கீறீங்கண்ணா" என்று சொல்லிவிட்டேன், முகம் சுண்டிப்போனார். பிறகு "நம்பருங்கள இன்னொரு தபா பாத்தா நல்லாருக்கும்" என்று பொதுவாகச் சொன்னேன், கண்டுகொள்ளவில்லை. இப்போது "சார்" என்று மரியாதையாகவே பேசுகிறேன், இன்னும் விலகிப்போகிறார். நான் என்ன செய்ய வேண்டும்? – ஒரு வாசகி, ராயபுரம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மூன்று முயற்சிகளில் முதலாவதை நினைத்துத்தான் நீங்கள் அதிகம் வருந்துகிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் அவரை அதிகம் புண்படுத்தியது மூன்றாவதாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பிறர் முன்னால் தனக்கு இருப்பதாக ஒருவர் கருதும் மதிப்பைச் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1955இல் 'முகம்' என்ற சொல்லால் விளக்கினார். முகம் கொடுத்துப் பேசுவது, முகத்தை முறித்துக்கொள்வது, முகதாட்சண்யம் பார்ப்பது என்றெல்லாம் பேசும் நமக்கு அந்தக் கருத்து புதிதல்ல. அதை அடிப்படையாகக் கொண்டு பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978இல் பணிவுப் பேச்சைப் பற்றிய ஒரு கோட்பாட்டை வெளியிட்டார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று, கோவை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பேசப்பட்ட தமிழ். கண்டிப்பது, மறுப்பது, மாறுபடுவது போன்ற செயல்கள் கேட்பவரின் முகத்துக்கு ஊறு செய்யக்கூடியவை என்றும், அந்த ஊறு எவ்வளவு கனமானது என்பதை மூன்றைக் கூட்டித்தான் மதிப்பிடுகிறோம் என்றும் அவர்கள் சொன்னார்கள். இருவருக்கும் இடையே எவ்வளவு தொலைவு, கேட்பவர் எவ்வளவு மேலானவர், சொல்லப்போகும் விஷயம் எவ்வளவு பெரியது என்பவையே அந்த மூன்று. கனம் கூடக்கூடச் சொல்பவர் அதிகமாக மென்மைப்படுத்துவார்.

கேட்பவரும் இதே கணக்கைத் தலைகீழாகப் போடுவார் என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நேற்றுவரை "அண்ணா" என்று அழைத்த பெண் இன்று "சார்" என்றால், கேட்ட மரியாதையிலிருந்து அவர் தொலைவைக் கணக்கிடுவார். நம்மை இவள் அந்நியனாக்கிவிட்டாள் என்ற முடிவுக்கே வருவார். நம் பக்கத்தில் உறவுமுறைச் சொல்லைத் திரும்பப் பெறுவது திட்டுவதைவிடக் கடுமையானது. ஆகவே நாளையே "அண்ணா"வுக்குத் திரும்புங்கள். அதற்கு விளக்கம் எதுவும் தர வேண்டியதில்லை.

முதல் முயற்சியில் இரண்டு கனங்கள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. அலுவலகப் பொறுப்பில் நீங்கள் மேல். வயதிலும் அனுபவத்திலும் அவர் மேல். யார் மேல் என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் இருக்கும் இடத்தில், நீங்கள் பொறுப்பை வைத்துப் பேசினீர்கள், அவர் வயதை வைத்துக் கேட்டார். அதோடு, சுற்றி ஆட்கள் இருந்தார்கள். அந்த மூன்றின் கூட்டலில் பார்வையாளர்களுக்கென்று தனி இடம் இல்லை. நம் ஊர் வழக்கத்துக்கு அதை ஒரு குறையாகவே நான் கருதுகிறேன், ஏனென்றால் தனியாகச் சொன்னால் தாங்கிக்கொள்ளக்கூடிய அதே சொல் நான்கு பேர் காதில் விழும்போது வேறு சொல்லாகிவிடுகிறது.

இரண்டாவது முயற்சி ஏன் பயனளிக்கவில்லை என்பதற்கும் விடை இருக்கிறது. சுற்றிவளைத்துப் பேசினாலே பணிவு என்று நாம் நினைக்கிறோம். 1987இல் ஷோஷானா பிளம்-குல்கா எபிரேயமும் ஆங்கிலமும் பேசுவோரிடம் பலவகை வேண்டுகோள்களை மதிப்பிடச் செய்தபோது, வெறும் குறிப்பாகச் சொல்லப்பட்டவை மிகப் பணிவானவை என்ற இடத்தைப் பெறவில்லை. வழக்கத்தில் ஊறிய கேள்வி வடிவங்களே பெற்றன. அவர் ஆராய்ந்தது வேண்டுகோளை, கண்டனத்தை அல்ல. ஆனாலும் அவர் காட்டிய காரணம் இங்கும் பொருந்தும். குறிப்பாகச் சொன்னால், அதன் பொருளைக் கண்டுபிடிக்கும் வேலை கேட்பவர் தலையில் விழுகிறது. எந்த நம்பர், யார் பார்க்க வேண்டும் என்று உங்கள் வாக்கியத்தில் இல்லை. அவர் அதை உணராமல் இருந்திருக்கலாம். அல்லது உணர்ந்தும் உணராததுபோல் இருக்க நீங்களே அவருக்கு வழி திறந்துவிட்டிருக்கலாம்.

எனவே விஷயத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஆளை மட்டும் வாக்கியத்திலிருந்து விலக்குங்கள். இதற்குத் தமிழில் அருமையான வசதி இருக்கிறது. "மாத்திட்டீங்க" என்றால் அந்தச் செயலைச் செய்தவர் அவர். "மாறிடுச்சு" என்றால் நிகழ்ந்தது மட்டும் தெரிகிறது, செய்தவர் தெரியவில்லை. உடைத்தாய் – உடைந்தது, விட்டுவிட்டாய் – விட்டுப்போனது என்று நம் வினைச்சொற்கள் இணைஇணையாக நிற்கின்றன. வீட்டில் பாத்திரம் கைதவறும்போது நாம் தினமும் பயன்படுத்துவதும் இதைத்தான்.

உங்கள் வேலையிலேயே இன்னொரு துணையும் இருக்கிறது. கன்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் உண்டு என்பதும், கடைசி இலக்கம் முந்தைய பத்தையும் வைத்துக் கணக்கிடப்படும் சோதனை இலக்கம் என்பதும் உங்கள் இருவருக்கும் தெரியும். இரண்டு இலக்கங்கள் இடம்மாறினால் பெரும்பாலும் அது ஒத்துவராது. அவர் தனியாக இருக்கும்போது தாளை எடுத்துக்கொண்டு போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இருவர் கண்ணும் தாளின்மேல் இருக்கும்படி இப்படிச் சொல்லுங்கள்: "ண்ணா, இந்த நம்பருக்குக் கடைசி டிஜிட் ஒத்துவரல. நடுவுல ரெண்டு நம்பர் மாறிக்கீதோ? நாம ஒரு தபா ஒரிஜினல பாத்துடலாமா?" இங்கே குற்றம் சாட்டுவது நீங்கள் அல்ல, அந்த இலக்கம். "மாறிக்கீதோ" என்ற ஓகாரம் முடிவை அவர் கையில் கொடுக்கிறது. "நாம" என்பது கேட்பவரையும் உள்ளடக்கும் சொல். "நாங்க" என்று சொல்லிவிட்டால் அவர் வெளியே நிற்பார்.

அவர் ஏற்றுக்கொண்டாரா என்பதைப் பதிலின் வேகத்தில் பாருங்கள். உடன்பாடு உடனே, சுருக்கமாக வரும், மறுப்பு தாமதித்து, "ம்... அதுவா..." என்று இழுத்து, காரணத்தோடு வரும் என்று உரையாடல்களை ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். "சரிம்மா, பாக்கலாம்" என்று அவர் இழுத்துச் சொன்னால் வேலை முடிந்ததாக எண்ணி எழுந்துவிடாதீர்கள். ஒரிஜினலை அவர் கையில் கொடுத்து, எண்ணை அவரே வாசிக்கும்வரை பக்கத்திலேயே இருங்கள்.

முதல்நாள் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்பதா? கேளுங்கள், ஆனால் அளந்து கேளுங்கள். "நான் சொன்னது தப்புண்ணா" என்றால் தவறான எண் சரியானதாகிவிடும். "அன்னிக்கு எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டேன், தனியா வந்து சொல்லிருக்கணும்ணா" என்றால், சொன்ன இடம் மட்டுமே தவறாகிறது. சொன்ன விஷயம் நிற்கிறது. ஒருமுறை சொன்னால் போதும். அவர் "அத்த வுடும்மா" என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். திரும்பத் திரும்பக் கேட்பது அந்தக் காயத்தை மறுபடி திறக்கும்.

வண்டி கேட்டில் நிற்கும்போது, இன்னும் ஒரு மணிநேரத்தில் டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் ஏறும் என்னும்போது, இந்த மென்மை எதுவும் தேவையில்லை. அவசரத்தில் நேரடியாகச் சொல்வது முகத்தைத் தாக்காது என்பதை பிரவுனும் லெவின்சனும் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள், ஏனென்றால் அப்போது இருவர் கவலையும் ஒன்றுதான். "ண்ணா, நம்பர் தப்பு, அனுப்பாதீங்க" என்று சத்தமாகவே சொல்லலாம். மற்ற நாட்களில் நீங்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருந்தால், அன்று அவர் உங்கள் குரலை அல்ல, எண்ணைத்தான் பார்ப்பார்.